போனிடம் எண் சொல்லும்போது எம்பது அம்பதாகாமல் இருக்க

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில், சின்ன எழுத்தில் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு மைக்கில் பேசியே செய்தி அனுப்பப் பழகிக்கொண்டார். பேச்சு நன்றாகவே எழுத்தாக வந்தது. ஒரு நாள் பிளம்பரின் எண்ணை அப்படிச் சொல்லி எனக்கு அனுப்பினார். நான் கூப்பிட்டால் வேறொரு வீட்டில் எடுக்கிறார்கள். மறுபடி கேட்டேன், மறுபடி சொல்லி அனுப்பினார், மறுபடி அதே வீடு. பிறகு அம்மாவின் டைரியைப் பார்த்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: டைரியில் 80 என்று இருந்த இடத்தில் செய்தியில் 50 என்று இருந்தது. அம்மா சரியாக "எம்பது" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் ஒரு மாலை முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து எந்த எண் எப்படித் தப்பாகிறது என்று பார்த்தோம். அதில் தேறிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையை வைத்துச் சொல்கிறேன். வேறு விசைப்பலகையில் பொத்தான்களின் இடம் மாறலாம். எண் சொல்லும் முறை மாறாது.

ஏன் தப்பாகிறது

நாம் மைக்கில் பேசும்போது உள்ளே பெரும்பாலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் ஒலியைக் கேட்டு, அது எந்தச் சொல் என்று போன் முடிவு செய்கிறது. அடுத்து, அந்தச் சொல்லை எழுத்தாக விடுவதா, இலக்கமாக மாற்றுவதா என்று முடிவு செய்கிறது. "இருபத்தி மூணு" என்று கேட்பது முதல் வேலை. அதை 23 என்று எழுதுவது இரண்டாவது வேலை. ஆகவே எண்ணில் வரும் பிழைகளும் இரண்டு வகை. ஒன்று, காதில் தப்பாக விழுவது. இன்னொன்று, காதில் சரியாக விழுந்தும் எழுதும்போது தப்பாவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

காதில் தப்பாக விழுவதற்கு நம்முடைய எண்ணுப்பெயர்களின் ஒலியும் ஒரு காரணம். பேச்சில் 50 "அம்பது", 80 "எம்பது", 9 "ஒம்பது". மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் உயிரொலி ஒன்றுதான் வித்தியாசம். மீதி எல்லாம் ஒன்றே. அந்த முதல் ஒலியைத்தான் நாம் அவசரத்தில் விழுங்கிவிடுகிறோம். பொத்தானைத் தொட்ட உடனே பேச ஆரம்பித்தால் மைக் விழித்துக்கொள்ளும் முன்பே அந்த ஒலி போய்விடுகிறது. அதேபோல "பதினாலு", "பதினாறு" இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு லகர றகர வேறுபாடு மட்டுமே. "எண்ணூறு" 800, "தொண்ணூறு" 90. தொடக்கம் தெளிவாக விழாவிட்டால் மதிப்பே தலைகீழாகிவிடும்.

நம் 90, 900 ஆகியவற்றின் பெயர்கள் வேறு ஒரு சிக்கல். 9 ஒன்பது, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். "நூறு" என்று முடிவது தொண்ணூறு. "ஆயிரம்" என்று முடிவது தொள்ளாயிரம். தாய்மொழியாகப் பேசுகிற நமக்கு இது உறுத்துவதில்லை. ஆனால் ஒலியின் ஒரு துண்டு மட்டும் கேட்டு மீதியை ஊகிக்கிற கருவிக்கு இது வழுக்கும் இடம்.

ஆங்கிலத்தில் சொன்னால் தப்பிக்கலாமா? முழுக்க இல்லை. "ஃபிஃப்டி", "ஃபிஃப்டீன்" குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததே. "ஃபைவ்", "நைன்" இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே "ஐ" ஒலி. விமானிகள் வானொலியில் 9-ஐ "நைனர்" என்றும் 5-ஐ "ஃபைஃப்" என்றும் சொல்கிறார்கள். ஒன்று இன்னொன்றாகக் காதில் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இருந்தாலும் ஆங்கிலத்தில் பத்து இலக்கங்களின் பெயர்களும் குட்டையானவை, தனித்தனியானவை. அதனால் போன் நம்பருக்கு அவை நன்றாக உதவுகின்றன.

முதலில் மொழியைச் சரிசெய்யுங்கள்

ஏதாவது ஒரு செய்திப் பெட்டியைத் தொட்டு விசைப்பலகையைத் திறங்கள். மேலே பல்சக்கர அடையாளம் இருக்கும், அதைத் தொடுங்கள். Languages என்பதற்குள் போய் Add keyboard தொட்டால் மொழிப் பட்டியல் வரும். தமிழைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள். ஆங்கிலத்திலும் இந்தியா என்று இருப்பதையே சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் உச்சரிப்பை அது நன்றாகப் பிடிக்கும். அப்புறம் பல்சக்கரத்துக்குள்ளேயே Voice typing என்ற இடத்தில் குரல் தட்டச்சு இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தால் மொழிகளின் பட்டியல் வரும், அதில் மாற்றிக்கொள்ளலாம். மைக் பெரும்பாலும் அப்போது விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் கேட்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்போது "எட்டு நாலு" என்று தமிழில் சொன்னால், போன் அதை ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். எண் சொல்லும் முன் "அம்மா" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் வந்தால் தமிழ் கேட்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லை அழித்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

உங்கள் குரலுக்கு ஒரு சோதனை

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். குறிப்பு எழுதும் செயலி ஒன்றைத் திறந்து, தமிழில் மைக்கைத் தொட்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமாக, நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். ஒரு தாளில் எது இலக்கமாக வந்தது, எது எழுத்தாக நின்றது, எது வேறொன்றாக மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றி "ஜீரோ, ஒன், டூ" என்று அதே மாதிரி மூன்று தடவை.

பூஜ்யத்துக்கு மட்டும் தனியாகப் பாருங்கள். "பூஜ்யம்", "சைபர்", "ஜீரோ" என்று மூன்று பெயர்களை நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். உங்கள் போனில் மூன்றில் எது 0 என்று விழுகிறதோ அந்த ஒன்றை மட்டுமே பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் போனில் "சைபர்" எழுத்தாகவே நின்றது, "ஜீரோ" இலக்கமாக விழுந்தது. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், அதனால்தான் சோதனை செய்யச் சொல்கிறேன். ஆறு, எட்டு போன்றவற்றையும் கவனியுங்கள். ஆறு என்றால் நதியும்தான், எட்டு என்றால் கையை எட்டுவதும்தான். தனியாக ஒரே ஒரு சொல்லாகச் சொன்னால் இவை எழுத்தாக நிற்க வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னும் வேறு இலக்கங்கள் சேர்ந்து வரும்போது, இது எண் என்று போனுக்குப் புரிந்துவிடும்.

அந்தத் தாளை வைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள்: நீண்ட எண்களை எந்த மொழியில் சொல்வது? என் அபிப்பிராயத்தில், ஆங்கில இலக்கங்கள் பழக்கமாக உள்ளவர்கள் போன் நம்பரையும் கணக்கு எண்ணையும் ஆங்கிலத்தில் சொல்வதே நல்லது. பழக்கம் இல்லாதவர்களை அதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். தமிழிலேயே ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் போதும், நன்றாக வரும்.

ஓர் எண்ணைச் சொல்லிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு 5809980050 என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். இது 5-ல் தொடங்குவதால் யாருக்கும் போகாது. ஆனால் வழக்கமான கண்ணிகள் எல்லாம் இதில் இருக்கின்றன.

பெரும்பாலானோர் எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான்: "அம்பத்தெட்டு, சைபர் ஒம்பது, தொண்ணூத்தெட்டு, டபுள் ஜீரோ, அம்பது." திரையில் வந்தது இது:

```
58 சைபர் 9 98 டபுள் ஜீரோ 80
```

இதை நம்முடைய இரண்டு வகையில் பிரித்துப் பாருங்கள். "சைபர்", "டபுள் ஜீரோ" இரண்டும் காதில் சரியாகவே விழுந்திருக்கின்றன. எழுதும்போதுதான் இலக்கமாக மாறவில்லை. கடைசியில் உள்ள 80 அப்படியல்ல, "அம்பது" என்பதை "எம்பது" என்று கேட்டிருக்கிறது. முதல் இரண்டு பிழைகள் பார்த்த உடனே கண்ணில் படுகின்றன. மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது பார்ப்பதற்குச் சரியான எண் மாதிரியே இருக்கிறது.

காதில் தப்பாக விழுந்தால் அதே சொல்லைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது அதிகம் பயன்படாது. சொல்லையே மாற்ற வேண்டும். "அம்பது" என்பதற்குப் பதில் "அஞ்சு, ஜீரோ". "எம்பது" என்பதற்குப் பதில் "எட்டு, ஜீரோ". அஞ்சும் எட்டும் ஒலியில் எங்கோ தள்ளி இருப்பவை, குழம்பாது. ஆக, போன் நம்பரில் இருபது, அம்பது, தொண்ணூத்தெட்டு என்ற பெயர்களே வேண்டாம். வெறும் இலக்கங்கள் மட்டும்.

எழுதும்போது தப்பானால் சொல்லும் வடிவத்தையும் நிறுத்தத்தையும் மாற்ற வேண்டும். "டபுள்", "ட்ரிபிள்" என்பது நாம் தொலைபேசியில் மனிதர்களிடம் சொல்லிப் பழகியது. ஆங்கில மைக்கில் அது சில சமயம் சரியாக இரண்டு இலக்கமாக விழும், சில சமயம் எழுத்தாக நிற்கும். நம்ப முடியாததால் அதை விட்டுவிடுங்கள்.

சரி, "டபுள் நைன்" என்று சொல்லாமல் "ஒன்பது ஒன்பது" என்று சொன்னால்? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால், பேசுகிறவர் திக்கித் திருப்பிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு குரல் தட்டச்சு சில நேரம் ஒன்றை விட்டுவிடலாம். மூன்று பூஜ்யம் தொடர்ந்து வந்தால் இரண்டுதான் விழுந்திருக்கலாம். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த எளிய வழி, எண்ணை எங்கே வெட்டுவது என்பதை மாற்றிக்கொள்வது. வழக்கமாக இரண்டிரண்டாகவோ ஐந்து ஐந்தாகவோ வெட்டுவோம். அதற்குப் பதில், ஒரே இலக்கம் இரட்டையாக வரும் இடத்தில் நடுவே வெட்டுங்கள்:

```
5809 | 980 | 050
```

இப்போது எந்தத் துண்டிலும் ஒரே இலக்கம் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. முதல் துண்டைச் சொல்லுங்கள்: "அஞ்சு, எட்டு, ஜீரோ, ஒன்பது." நிறுத்தித் திரையைப் பாருங்கள். நான்கு இலக்கம் விழுந்திருக்கிறதா? அப்புறம் "ஒன்பது, எட்டு, ஜீரோ." பாருங்கள். கடைசியாக "ஜீரோ, அஞ்சு, ஜீரோ."

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இலக்கங்களைச் சீரான வேகத்தில், சாதாரணமாகப் பேசுவதைவிடக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும். ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து "எட்ட்...டு" என்று சொல்ல வேண்டாம். இழுத்துச் சொன்னால் அது கருவிக்குப் பழக்கமில்லாத ஒலியாகிவிடும். துண்டுகளுக்கு நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தினால் சரியாக இருக்கும். அதைவிட அதிக நேரம் சும்மா இருந்தால் மைக் தானாகவே அணைந்துவிடலாம், அப்போது மறுபடி தொட்டு அடுத்த துண்டிலிருந்து தொடருங்கள்.

எண்ணை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது நடுவில் "ம்ம்", "அப்புறம்" என்று வந்துவிடும், அவையும் எழுத்தாகிவிடும். தாளில் எழுதும்போதே வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இன்னும் சுலபம். பொத்தானைத் தொட்டபின் ஒரு கணம் பொறுத்து, போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும்படி வைத்துப் பேசுங்கள். குக்கர் விசில் அடிக்கும்போது வேண்டாம். புளூடூத் இயர்போனில் சரியாக வராவிட்டால் அதைத் துண்டித்துவிட்டுப் போனின் சொந்த மைக்கில் பாருங்கள்.

சரிபார்ப்பது

மூன்று துண்டும் விழுந்த பிறகு திரையில் பெரும்பாலும் இடைவெளிகளோடு இருக்கும்: 5809 980 050. இடைவெளியை இப்போதே எடுக்காதீர்கள், சரிபார்க்க அது உதவும். முதலில் எண்ணுங்கள். நான்கு, மூன்று, மூன்று, மொத்தம் பத்து. செல்பேசி எண் என்றால் பத்து. ஆதார் என்றால் பன்னிரண்டு. அஞ்சல் குறியீடு என்றால் ஆறு, தமிழ்நாட்டு முகவரி என்றால் 6-ல் தொடங்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் இரட்டை இலக்கம் ஒன்று விழுங்கப்பட்டிருக்கும். முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். எண்ணிக்கை கூடினால் "அம்பத்தி எட்டு" என்று பிரித்துச் சொன்னது 508 ஆகியிருக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. 50 என்பது 80 ஆனாலும் பத்து பத்துதான். அதனால் அடுத்ததாக, தாளையும் திரையையும் கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்து ஒப்பிடுங்கள்: சைபர், அஞ்சு, சைபர், சைபர், எட்டு என்று. முன்னிருந்து படித்தால், நமக்கு எண் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், கண் திரையில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைப் படித்துவிடும். பின்னிருந்து படிக்கும்போது ஒவ்வோர் இலக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். அம்மாவின் 80, 50 குழப்பத்தை இந்த ஒரு பழக்கம் முதல் தடவையிலேயே பிடித்திருக்கும்.

ஆதார், வங்கி அட்டை போன்ற எண்களில் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒரே ஓர் இலக்கம் தப்பினாலும் கணக்கு பொருந்தாது, அதைச் சரிபார்க்கும் படிவம் "தவறான எண்" என்று சொல்லிவிடும். போன் நம்பருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. தப்பான எண்ணும் இன்னொருவருடைய சரியான எண்ணாக இருக்கக்கூடும். அதனால்தான் எங்களுக்கு இரண்டு தடவையும் யாரோ எடுத்தார்கள்.

தப்பை மட்டும் திருத்துவது

ஓர் இலக்கம் தப்பிவிட்டது என்பதற்காக முழு எண்ணையும் அழித்துவிட்டு மறுபடி சொல்லாதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது முன்பு சரியாக இருந்த வேறோர் இடம் தப்பலாம். தப்பான இலக்கத்துக்குப் பின்னால் விரலால் தொட்டு, எழுத்து விழும் இடத்தைக் காட்டும் செங்குத்துக் கோட்டை அங்கே கொண்டுபோங்கள். விரல் சரியான இடத்தில் நிற்கவில்லை என்றால் இடைவெளிப் பட்டையின் மேல் விரலை இடம் வலமாகத் தேய்த்தால் அந்தக் கோடு ஒவ்வோர் எழுத்தாக நகரும். விரல் நடுங்குகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். ஓர் இலக்கத்தை அழித்து, எண் விசைகளுக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் கையால் தட்டுங்கள். ஒற்றை இலக்கத்தை மைக்கில் சொல்லித் திருத்த முயன்றால் அது எழுத்தாக விழும் வாய்ப்புதான் அதிகம்.

துண்டு முழுவதும் கெட்டுப்போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் அழித்துவிட்டு மைக்கில் மறுபடி சொல்லுங்கள். அழிக்கும் விசையில் விரலை வைத்து இடப்பக்கம் இழுத்தால் சொல் சொல்லாகத் தேர்வாகும். விரலை எடுத்ததும் தேர்வானது போய்விடும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வைத்ததன் பயன் இங்கேயும் தெரியும்.

ஒரே இடம் இரண்டு தடவை அதே மாதிரி தப்பினால் மூன்றாவது தடவை அதே சொல்லைச் சொல்ல வேண்டாம். மொழியை மாற்றுங்கள், அல்லது கையால் தட்டுங்கள்.

படிவத்தில் மைக் இல்லாதபோது

வங்கிப் படிவம், முன்பதிவுப் படிவம் போன்றவற்றில் எண் பெட்டியைத் தொட்டால் இலக்கங்கள் மட்டும் உள்ள விசைப்பலகை வரும், அதில் பெரும்பாலும் மைக் இருக்காது. குறிப்புச் செயலியில் சொல்லி, சரிபார்த்து, நகலெடுத்து இங்கே ஒட்டலாம். ஆனால் ஒட்டும் முன் இடைவெளிகளை எடுத்துவிட வேண்டும். பெட்டி பத்து எழுத்துகளுக்கு மேல் ஏற்காது என்று அமைத்திருந்தால், இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும். இப்படி ஆகும்:

```
ஒட்டியது: 5809 980 050
நின்றது:  5809 980 0
```

கடைசி இரண்டு இலக்கங்கள் சத்தமில்லாமல் காணாமல்போயிருக்கும். ஒட்டியபின் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தொகையும் நேரமும்

தொகைக்கு முறை வேறு. 1,25,800 என்பதை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது நமக்கு இயல்பல்ல. "ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து எண்ணூறு" என்றுதான் வாயில் வரும், அப்படியே சொல்லலாம். ஆனால் நடுவே நிறுத்தக் கூடாது. "லட்சத்து" என்றதும் மூச்சு விட்டால், போன் அதுவரை கேட்டதைத் தனி எண்ணாக முடித்துவிட்டு அடுத்ததைப் புதிய எண்ணாக ஆரம்பித்துவிடும். 100000 25800 என்று இரண்டாக விழுவது இப்படித்தான். போன் நம்பருக்கு நிறுத்தி நிறுத்தி, தொகைக்கு ஒரே மூச்சில். அப்படியும் உடைந்தால் "ஒன்னு ரெண்டு அஞ்சு எட்டு ஜீரோ ஜீரோ" என்று இலக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு பூஜ்யமும் விழுந்தனவா என்று பாருங்கள்.

பணம் பற்றிய செய்தி என்றால் இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுத்தாலும் ஒரு முறை தட்டிவிடுங்கள். காசோலையில் இரண்டு வகையிலும் எழுதுகிறோமே, அதே காரணம்தான். இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 800-க்கும் 300-க்கும் நடுவே படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் எழுத்து காப்பாற்றும்.

கால், அரை, முக்கால் ஆகியவற்றில் கவனமாக இருங்கள். "ஒன்றரை", "ஆறே கால்" என்பவை பல நேரம் எழுத்தாகவே நிற்கும். செய்தியில் அதனால் கெடுதல் இல்லை. அலாரம் வைக்கச் சொல்லும்போதுதான் கெடுதல், "ஆறே கால்" என்பதில் ஆறு மட்டும் எடுத்துக்கொள்ளப்படலாம். "காலை ஆறு பதினைந்து" என்று சொல்லுங்கள். காலையா மாலையா என்பதையும் விடாமல் சேர்த்துச் சொல்லி, போன் திருப்பிச் சொல்வதைக் கேட்டபின் கீழே வையுங்கள். பதினைந்து நிமிடம், ஐம்பது நிமிடம் என்று ஆங்கிலத்தில் சொல்கிறவர்கள் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று இலக்கமாகப் பிரித்துச் சொன்னால் அடுப்பில் இருப்பது கருகாது.

எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது

குரல் உதவியிடம் பத்து இலக்கத்தையும் சொல்லி "இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்று கேட்கலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தட்டச்சில் தப்பினால் திருத்த நேரம் இருக்கிறது. இங்கே சரிபார்க்கும் முன்பே அழைப்பு போய்விடலாம். அடிக்கடி கூப்பிடும் எண்களை ஒரு முறை மேலே சொன்ன மாதிரி சரிபார்த்துப் பெயர் போட்டுச் சேமித்துவிட்டு, அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரை வைக்கும்போதும் "பிளம்பர்", "பால்காரர்" என்று ஒலியில் ஒன்றோடொன்று ஒட்டாத பெயராக வையுங்கள். முதியவர்களுக்கு இதுவே போதும், எண்ணே சொல்ல வேண்டியதில்லை.

வாயால் சொல்லக் கூடாதவை

ஓடிபி, அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், பணம் அனுப்பும் ரகசிய எண் ஆகியவற்றை மைக்கில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும், சொன்ன பெட்டியிலோ நகலெடுத்த இடத்திலோ தங்கியும்விடலாம். அவை மூன்று முதல் ஆறு இலக்கம்தான், கையால் தட்டிவிடலாம். அட்டையின் பதினாறு இலக்கத்தையும் கடையிலோ பேருந்திலோ வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லலாம், ஆனால் அதற்கு இன்னொரு கவனம் வேண்டும். பணம் அனுப்பும் இடத்தில் கணக்கு எண்ணை இரண்டு தடவை கேட்பார்கள். முதல் தடவை மைக்கில் சொன்னதை நகலெடுத்து இரண்டாம் பெட்டியில் ஒட்டினால், தப்பும் அப்படியே நகலாகும், இரண்டும் பொருந்திவிடும். இரண்டாவது பெட்டிக்குத் தாளைப் பார்த்துக் கையால் தட்டுங்கள். போன் நம்பருக்குப் பணம் அனுப்பும்போது, தொகையைப் போடும் முன் திரையில் பெறுபவரின் பெயர் வரும், அதை நின்று படியுங்கள். புதிய ஆள் என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, வந்ததா என்று அவரிடம் பேசிக் கேட்டபின் மீதியை அனுப்புங்கள்.